கையால் கூட்டினால் 531, நிலைப் பட்டையில் 396: எது பிழை?

மார்ச் 3, இரவு 8.40. கரையோரக் கணக்கு (உப்புவெளி)

நான் ஒரு மீனவர் சங்கத்தில் நிறுவைக் கணக்கு எழுதுகிறேன். காலையில் வள்ளங்கள் கரைக்கு வந்தவுடன் தராசில் நிறுத்து, துண்டில் எழுதியதை மாலையில் எக்செல் விரிதாளில் ஏற்றுவது என் வேலை. நான் சூத்திரம் எதுவும் எழுதுவதில்லை. கலங்களைத் தெரிவு செய்துவிட்டுத் திரையின் கீழ் ஓரத்தில் உள்ள நிலைப் பட்டையில் வலப்பக்கம் தோன்றும் மூன்று எண்களைப் பார்த்து, அவற்றைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வேன். இரண்டு ஆண்டுகளாக இப்படித்தான் செய்கிறேன், இதுவரை எவரும் குறை சொல்லவில்லை.

இன்று 12 வள்ளங்கள் வந்தன. விரிதாளில் உள்ளபடி கிலோக் கணக்கு இது: 52, 39, 41, 37 கிலோ, 60, 48, 29, 47, 44, 55, 50, 29. இந்தப் பன்னிரண்டு கலங்களையும் தெரிவு செய்தபோது கீழே இவ்வாறு இருந்தது.

```
Average: 44    Count: 12    Sum: 396
```

கல்குலேட்டரில் கூட்டினால் 531 வருகிறது. அதைவிட எனக்கு விளங்காதது இன்னொன்று. 396ஐ 12ஆல் வகுத்தால் 33தானே வர வேண்டும்? அது ஏன் 44 என்று காட்டுகிறது? மூன்று எண்களும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. எக்செல் பழுதாகிவிட்டதா, அல்லது இந்த மூன்று எண்களையும் இத்தனை நாளும் நான் பிழையாகத்தான் வாசித்து வந்தேனா?

மார்ச் 3, இரவு 9.05. கிண்ணியா ஆய்வுகூடம்

தங்கச்சி, நான்காவது கலத்தில் "37 கிலோ" என்று எழுதியிருக்கிறீர்கள். அலகையும் சேர்த்து எழுதினால் அந்தக் கலம் எண்ணாக இருக்காது, எழுத்தாகிவிடும். எழுத்தைக் கூட்ட முடியாது. "கிலோ" என்பதை அழித்துவிட்டு 37 என்று மட்டும் வைத்துப் பாருங்கள், எல்லாம் சரியாகிவிடும்.

Count என்பது எண்கள் உள்ள கலங்களை மட்டுமே எண்ணும். பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் மாணவர்களுக்கு இதைத்தான் கற்பிக்கிறேன். ஆகவே உங்களுக்கு 11 என்று காட்டியிருக்க வேண்டும். 12 என்று காட்டியது எப்படி என்று எனக்கும் விளங்கவில்லை.

மார்ச் 3, இரவு 9.30. கரையோரக் கணக்கு

சேர் சொன்னபடி "கிலோ" என்பதை அழித்துவிட்டேன். மீண்டும் தெரிவு செய்தால் இப்படி வருகிறது.

```
Average: 43    Count: 12    Sum: 433
```

396உடன் 37 சேர்ந்து 433 ஆகியிருக்கிறது, அது சரி. ஆனால் 531 இன்னும் வரவில்லை, 98 கிலோ குறைகிறது. கலங்களில் வேறெங்கும் "கிலோ" என்று இல்லை. Count அப்போதும் 12, இப்போதும் 12.

மார்ச் 4, காலை 6.15. பழைய பேரேடு (திருகோணமலை நகர்)

பிள்ளை, எக்செல் பழுதாகவில்லை. மூன்று எண்களும் சேர்ந்து உமக்கு ஓர் உண்மையைச் சொல்லுகின்றன. அவற்றைத் தனித்தனியாக வாசிப்பதால் அது தெரியாமல் போகிறது.

எக்செலின் நிலைப் பட்டையில் Count என்பது வெறுமையாக இல்லாத கலங்களின் தொகை. அதில் எண் இருந்தாலும் பெயர் இருந்தாலும் ஒரு கோடு மட்டும் இருந்தாலும் அது ஒன்று என்றே எண்ணப்படும். Sum எண்களை மட்டுமே கூட்டும், Average அந்தக் கூட்டுத்தொகையை எண்கள் உள்ள கலங்களின் தொகையால் மட்டுமே வகுக்கும். ஆகவே Averageஐப் பெறுவதற்கு Sumஐ Countஆல் வகுக்கலாம் என்பது எல்லாக் கலங்களும் எண்களாக இருக்கும்போது மட்டுமே உண்மை. அவை பொருந்தாத நாளில் உள்ளே எழுத்து நுழைந்திருக்கிறது என்று பொருள்.

எத்தனை நுழைந்திருக்கிறது என்பதையும் அங்கேயே காணலாம். உமது முதல் எண்களை எடுப்போம்: 396ஐ 44ஆல் வகுத்தால் 9. எண்களாக இருந்தவை ஒன்பது கலங்கள் மட்டுமே, மூன்று கலங்கள் எழுத்து. "37 கிலோ" அந்த மூன்றில் ஒன்று. இன்னும் இரண்டு இருக்கின்றன. இரண்டாவது முறை வந்த 433ஐ 43ஆல் வகுத்தால் 10.07 வருகிறது, இது முழு எண்ணாக வராததற்கு ஒரு காரணம் உண்டு, அதற்குப் பிறகு வருகிறேன். பத்து என்றே கொள்ளும்.

வகுத்துப் பார்ப்பது சிரமமாக இருந்தால் நிலைப் பட்டையின் மேல் சுட்டியின் வலப் பொத்தானை அழுத்தும். ஒரு நீண்ட பட்டியல் திறக்கும். அதில் Average, Count, Sum ஆகியவற்றுக்குப் பக்கத்தில் ஏற்கனவே சரியடையாளம் இருக்கும். Numerical Count என்பதையும் அழுத்திச் சரியடையாளம் இட்டுவிடும். இனிமேல் Count, Numerical Count இரண்டும் அருகருகே தோன்றும். அவை சமமாக இல்லாவிட்டால் Sumஐக் குறிப்பேட்டில் எழுத வேண்டாம்.

மார்ச் 4, காலை 7.50. கிண்ணியா ஆய்வுகூடம்

ஐயா, நான் சொன்னதில் பாதி பிழை என்று ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் அது எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் ஆய்வுகூடத்தில் எக்செல் இல்லை, லிப்ரே ஆபிஸ் கல்க்தான் இருக்கிறது. அதன் நிலைப் பட்டையில் வலப் பொத்தானை அழுத்தினால் CountA என்று ஒன்றும் Count என்று ஒன்றும் தனித்தனியாக இருக்கின்றன. அங்கே Count என்பது எண்களை மட்டுமே எண்ணுகிறது, வெறுமையில்லாத எல்லாவற்றையும் எண்ணுவது CountA. சூத்திரங்களிலும் இதே பெயர்கள்தான், எக்செல் சூத்திரங்களிலும்கூட அப்படித்தான். எக்செலின் நிலைப் பட்டையில் மட்டும் Count என்ற சொல்லுக்கு வேறு பொருள் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. இன்று அயலவரின் கணினியில் எக்செலைத் திறந்து பார்த்தேன். ஐயா சொன்னபடியே இருக்கிறது.

மாணவர்களுக்கு இதைச் சொல்லாமல் விட்டதில் எனக்கு வருத்தம். அவர்கள் வேலைக்குப் போகும் இடங்களில் பெரும்பாலும் எக்செல்தான் இருக்கும்.

மார்ச் 4, மதியம் 12.20. நிலாவெளி விடுதி

எனக்கும் இதே பிரச்சினைதான், இங்கேயே கேட்டுவிடுகிறேன். விடுதியில் சமையல்காரர் ஒருவரின் மேலதிக வேலை நேரத்தை எழுதி வைத்திருக்கிறேன்: 5:15, 4:45, 6:00, 3:30, 5:00, 5:00. தெரிவு செய்தால் Sum என்ற இடத்தில் 5:30 என்று காட்டுகிறது. ஆறு இரவு வேலை செய்த மனிதருக்கு ஐந்தரை மணித்தியாலம் என்று எப்படிச் சம்பளம் போடுவது? என் கலங்களிலும் எழுத்து நுழைந்துவிட்டதா?

மார்ச் 4, மாலை 5.00. பழைய பேரேடு

நிலாவெளித் தம்பி, உமது பிரச்சினை வேறு, ஆனால் அதைக் கண்டுபிடிக்கும் வழி ஒன்றுதான். உமது நிலைப் பட்டையில் Average என்ன காட்டுகிறது, Count என்ன காட்டுகிறது என்று பாரும். அங்கே 4:55 என்றும் 6 என்றும் இருக்க வேண்டும். ஆறு தடவை 4:55 என்றால் 29:30. ஆகவே உமது கலங்கள் எல்லாம் ஒழுங்காக எண்களே, கூட்டலும் சரி. பிழை காட்டும் முறையில் இருக்கிறது. நேரத்தை வழமையான வடிவத்தில் வைத்திருந்தால் 24 மணித்தியாலம் முடிந்ததும் கடிகாரம் மறுபடி பூச்சியத்திலிருந்து தொடங்கும். 29:30இல் 24 போனால் மிஞ்சுவது 5:30.

நிலைப் பட்டைக்கு என்று தனியான எண் வடிவம் இல்லை. நீர் தெரிவு செய்யத் தொடங்கிய கலம் எதுவோ, அதாவது தெரிவுக்குள் வெள்ளையாகத் தெரியும் கலம் எதுவோ, அதன் வடிவத்தைத்தான் அது கடன் வாங்கிக்கொள்கிறது. ஆகவே கலங்களைத் தெரிவு செய்து Ctrl+1 அழுத்தி, Custom என்பதற்குப் போய், Type என்ற பெட்டியில் இதை இடும்.

```
[h]:mm
```

அதற்குப் பிறகு Sum 29:30 என்று காட்டும். சதுர அடைப்பு அவசியம், அதை விட்டால் மறுபடி 5:30தான்.

மார்ச் 4, இரவு 7.45. நிலாவெளி விடுதி

29:30 வந்துவிட்டது. போன மாதத்துக் கணக்கையும் திறந்து பார்க்கிறேன். போன மாதமும் நிலைப் பட்டையைப் பார்த்துத்தான் எழுதினேன்.

மார்ச் 4, இரவு 9.10. கரையோரக் கணக்கு

ஐயா சொன்னபடி Numerical Countஐச் சேர்த்தேன். Count 12, Numerical Count 10. இரண்டு கலங்கள் எழுத்து என்பது உறுதியாகிவிட்டது. ஆனால் எவை என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியவில்லை. எழுத்தாக இருந்தால் கலத்தின் இடப்பக்கத்திலும் எண்ணாக இருந்தால் வலப்பக்கத்திலும் நிற்கும் என்று படித்திருக்கிறேன். அழகாக இருக்கட்டும் என்று அந்த நிரல் முழுவதையும் நான் நடுவில் நிறுத்திவிட்டேன், அதனால் எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன. கலத்தின் மூலையில் வரும் சிறிய பச்சை முக்கோணமும் எங்கும் இல்லை.

பிறகு ஒரு யோசனை வந்தது. முதல் ஆறு கலங்களை மட்டும் தெரிவு செய்தேன்: Count 6, Numerical Count 6. அங்கே பழுதில்லை. பின் ஆறு கலங்களில் 6, 4. அதையும் மூன்று மூன்றாகப் பிரித்தேன், ஒவ்வொரு மூன்றிலும் ஒன்று பழுது. இந்த நேரத்தில் மின்வெட்டு வந்துவிட்டது. மீதியை நாளை பார்க்கிறேன். பன்னிரண்டு கலங்களுக்கு இது பரவாயில்லை, ஆனால் மாத முடிவில் முந்நூறுக்கும் மேற்பட்ட நிரைகள் இருக்கும்போது எப்படிச் செய்வது என்று தெரியவில்லை.

மார்ச் 5, காலை 6.30. பழைய பேரேடு

பாதி பாதியாகப் பிரித்துத் தேடியது நல்ல முறை, அதை நான் சொல்லாமலே கண்டுபிடித்திருக்கிறீர். நிரைகள் கூடும்போது இதைச் செய்யும். முழு நிரலிலும் நிறுவை உள்ள கலங்களைத் தெரிவு செய்து F5ஐ அழுத்தும். தோன்றும் சிறு சாளரத்தில் Special என்ற பொத்தானை அழுத்தி, அடுத்து வரும் பட்டியலில் Constants என்பதைத் தெரிவு செய்யும். அதன் கீழே Numbers, Text, Logicals, Errors என்று நான்கு சரியடையாளங்கள் இருக்கும். Text என்பதில் மட்டும் சரியடையாளத்தை வைத்துக்கொண்டு மற்ற மூன்றிலும் அதை நீக்கிவிடும். OK அழுத்தினால் எழுத்தாக உள்ள கலங்கள் மட்டும் தெரிவாகி நிற்கும். அவற்றுக்கு மஞ்சள் நிறம் பூசிவிட்டால் பிறகு ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

அந்த நிலையில் நிலைப் பட்டையைப் பாரும். Average, Sum இரண்டும் காணாமல் போயிருக்கும், Count மட்டும் நிற்கும். கூட்ட எண் எதுவும் இல்லாதபோது எக்செல் பூச்சியம் என்று காட்டுவதில்லை. இதைக் கண்டு சிலர் நிலைப் பட்டை கெட்டுவிட்டது என்று நினைக்கிறார்கள். ஒரு கலம் மட்டும் தெரிவானால் Countகூடத் தோன்றாது, அதுவும் வழமையே.

மார்ச் 5, இரவு 8.25. கரையோரக் கணக்கு

இரண்டும் கிடைத்துவிட்டன. எட்டாவது வள்ளத்தின் 47, பதினோராவது வள்ளத்தின் 50.

50 என்று நான் முதல் நாள் இங்கே எழுதினேன், ஆனால் விரிதாளில் இருந்தது ஐந்தும் ஆங்கில எழுத்து ஓவும். விசைப்பலகையில் பூச்சியத்துக்குக் கீழேயே அந்த எழுத்து இருக்கிறது, விரல் தவறியிருக்கிறது. பக்கத்தில் 60ஐ வைத்து ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான் ஓ சற்று அகலமாக இருப்பது தெரிந்தது. அந்தக் கலத்தை அழித்து மறுபடி தட்டினேன்.

47இல் என்ன பழுது என்று விளங்க நேரமெடுத்தது. அந்த ஒன்றை மட்டும் நான் தட்டவில்லை. அந்த வள்ளக்காரரின் மகன் மின்னஞ்சலில் அனுப்பியிருந்த அட்டவணையிலிருந்து நகலெடுத்து ஒட்டியது அது. F2 அழுத்திப் பார்த்தபோது சுட்டிக்கோடு 7க்கு ஒட்டி நிற்காமல் ஓர் எழுத்துத் தூரம் தள்ளி நின்றது. பின்னழிப்பு விசையை ஒரு தடவை அழுத்தி, Enter அழுத்தியதும் Numerical Count ஒன்றால் கூடியது.

இப்போது எனக்கு வருவது இது.

```
Average: 44    Count: 12    Numerical Count: 12    Sum: 530
```

இரண்டு விடயங்கள் இன்னும் விளங்கவில்லை. முதலாவது, கல்குலேட்டரில் 531, இங்கே 530. இரண்டாவது, மூன்று வள்ளங்களின் 134 கிலோ வெளியே நின்றபோதும் Average 44தான், உள்ளே வந்த பிறகும் 44தான். அப்படியானால் Average எதற்கு?

மார்ச் 5, இரவு 9.40. பழைய பேரேடு

கண்ணுக்குத் தெரியாத அந்த இடைவெளி இணையப் பக்கங்களிலிருந்தும் மின்னஞ்சல்களிலிருந்தும் ஒட்டும்போது அடிக்கடி வருகிறது. பார்ப்பதற்கு இடைவெளிதான், ஆனால் நாம் தட்டும் இடைவெளி அல்ல. கணினிக்கு அது வேறோர் எழுத்து, அதன் குறியெண் 160. அதனால்தான் பச்சை முக்கோணமும் வரவில்லை. எண் போல இருக்கும் எழுத்தைக் கண்டால்தான் எக்செல் முக்கோணம் போடும். இந்த இடைவெளி ஒட்டியிருந்தால் அது எண் போல இருக்கிறது என்றுகூட எக்செல் நினைப்பதில்லை. ஓ கலந்த 50க்கும் அதே நிலைதான். பல கலங்களில் இந்த இடைவெளி இருந்தால் ஒன்றை F2 மூலம் திறந்து அந்த இடைவெளியை மட்டும் நகலெடுத்து, நிரலைத் தெரிவு செய்து Ctrl+H அழுத்தி, Find what என்ற பெட்டியில் ஒட்டி, Replace with என்பதை வெறுமையாக விட்டு Replace All கொடுத்தால் எல்லாம் ஒரே தடவையில் எண்ணாகிவிடும்.

Average பற்றிய கேள்வி நல்ல கேள்வி. விடுபட்ட மூன்று வள்ளங்களும் மற்றவற்றைப் போலவே நடுத்தரமான மீனைக் கொண்டு வந்தவை. அவற்றை எடுத்தாலும் சேர்த்தாலும் சராசரி பெரிதாக அசையாது. ஆகவே கலம் விடுபட்டதைக் கண்டுபிடிக்கச் சராசரியை மட்டும் பார்ப்பவர் ஏமாறுவார். ஆனால் Average உமக்கு உதவாமல் இல்லை. முதல் நாள் உமக்குச் சந்தேகம் வந்ததே 33க்கும் 44க்கும் இடையில்தான்.

இன்னொன்று. 44 என்பது இரண்டு தடவையும் ஒரே 44 அல்ல. 530ஐ 12ஆல் வகுத்தால் 44.17. அதை உமக்கு 44 என்று காட்டுவது எது என்று கண்டுபிடித்தால் ஒரு கிலோவும் கிடைத்துவிடும்.

மார்ச் 6, காலை 7.10. கிண்ணியா ஆய்வுகூடம்

இதற்கு நான் விடை சொல்லலாம் என்று நினைக்கிறேன். நிலைப் பட்டை தொடக்கக் கலத்தின் வடிவத்தைக் கடன் வாங்குகிறது என்று ஐயா நிலாவெளிக்காரருக்குச் சொன்னார். தங்கச்சியின் முதல் கலம் 52, அது தசமம் இல்லாத வடிவத்தில் இருக்கிறது போல. அதனால் 44.17 என்பது 44 ஆகிறது. 433ஐ 43ஆல் வகுத்தபோது 10.07 வந்ததும் இதனால்தான்; உண்மையான சராசரி 43.3. அப்படியென்றால் கலங்களுக்குள்ளும் அரைக் கிலோக்கள் ஒளிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு கலத்தையும் அழுத்தி மேலே உள்ள சூத்திரப் பட்டையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

மார்ச் 6, மாலை 6.55. கரையோரக் கணக்கு

சேர் சொன்னது சரி. இரண்டாவது வள்ளம் 38.5, ஆறாவது வள்ளம் 47.5. தசமம் வேண்டாம் என்று எப்போதோ அந்த நிரலை அமைத்துவிட்டேன். திரையில் 39, 48 என்று தெரிகிறது. நான் கல்குலேட்டரில் தட்டியது திரையில் தெரிந்ததை, எக்செல் கூட்டியது உள்ளே இருப்பதை. அரையும் அரையும் சேர்ந்து ஒரு கிலோ. துண்டுகளைத் தேடி எடுத்தேன், அவற்றிலும் 38.5, 47.5 என்றே இருக்கிறது.

Home தாவலில் தசமத்தைக் கூட்டும் பொத்தானை ஒரு தடவை அழுத்தினேன். இப்போது நிலைப் பட்டையில் Average 44.2, Sum 530.0.

மார்ச் 6, இரவு 8.30. நிலாவெளி விடுதி

எக்செல் அமைப்புகளில் Set precision as displayed என்று ஒன்று இருக்கிறது. அதைத் தெரிவு செய்தால் திரையில் தெரிவதையே எக்செல் கூட்டும், பிறகு கல்குலேட்டரும் நிலைப் பட்டையும் ஒத்துப்போகும். இதுதானே எளிது?

மார்ச் 6, இரவு 9.15. பழைய பேரேடு

தம்பி, அதைத் தொட வேண்டாம். அது காட்டுவதை மட்டும் மாற்றுவதில்லை. தசமம் இல்லாத வடிவத்தில் உள்ள 38.5ஐ 39 ஆகவே நிரந்தரமாக மாற்றிவிடும், பிறகு தசமத்தைக் கூட்டினாலும் 39.0தான் வரும். அதோடு அந்தக் கோப்பு முழுவதற்கும் அது நடக்கும், ஒரு நிரலுக்கு மட்டுமல்ல. தராசு சொன்னதை அழித்துவிட்டு மொத்தத்தை ஒத்துப்போக வைப்பது கணக்கு அல்ல.

மார்ச் 8, காலை 10.30. கரையோரக் கணக்கு

ஞாயிற்றுக்கிழமை என்பதால் பழைய தாள்களைத் திறந்து பார்க்க நேரம் கிடைத்தது. பெப்ரவரி மாதத்து நிரலைத் தெரிவு செய்து F5 வழியாகத் தேடினேன். எழுத்தாக இருந்தவை ஏழு கலங்கள், ஆறில் "கிலோ" என்று இருந்தது, ஒன்றில் எண்ணுக்குள் இரண்டு புள்ளிகள் இருந்தன. ஏழையும் திருத்தி, வேறுபாட்டைச் சங்கத் தலைவரிடம் எழுத்தில் கொடுத்துவிட்டேன். துண்டுகள் பத்திரமாக இருந்ததால்தான் இது முடிந்தது.

இன்னொரு விடயத்தில் எனக்கு என் பழைய பழக்கத்தின் மேலேயே சந்தேகம் வந்திருக்கிறது. கடலுக்குப் போகாத நாட்களில் அந்த வள்ளத்துக்கு நான் 0 என்று எழுதுவேன், கலம் வெறுமையாக இருந்தால் மறந்துவிட்டேன் என்று நினைப்பார்களே என்று. ஒரு வள்ளத்தின் ஆறு நாட்களைப் பாருங்கள்: 40, 50, 0, 45, 45, 0. Sum 180, Average 30. பூச்சியங்களை அழித்து வெறுமையாக விட்டால் Sum அதே 180, ஆனால் Average 45. இத்தனை நாளும் சராசரிப் பிடிபாடு என்று நான் கூட்டங்களில் வாசித்தது முதல் எண்ணை. வள்ளம் கடலுக்குப் போன ஒவ்வொரு தடவையும் 30 கிலோதான் கொண்டு வந்தது என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

மார்ச் 8, பகல் 11.45. தம்பலகாமம் நெல்

நான் இந்த இழையை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எங்கள் கமக்காரர் அமைப்பில் அறுவடை முடியாத வயலுக்கு ஒரு சிறு கோடு இடுவோம். கோடு எழுத்து என்பதால் Count அதை எண்ணும், Average அதை எடுக்காது. உங்கள் ஆறு நாட்களில் பூச்சியத்துக்குப் பதிலாகக் கோடு இருந்தால் Count 6, Numerical Count 4, Average 45. எத்தனை நாள் பதிவு செய்தோம், எத்தனை நாள் கடலுக்குப் போனார்கள் என்ற இரண்டும் ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

மார்ச் 8, மாலை 4.20. பழைய பேரேடு

தம்பலகாமத்தார் சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் எனக்கு முழு உடன்பாடு இல்லை. Count, Numerical Count இரண்டும் சமமாக இருந்தால் மட்டுமே Sumஐ நம்பலாம் என்று நான் சொன்ன சோதனை கோடு போட்டவுடனேயே பயனற்றுப் போய்விடும். வேறுபாடு இரண்டு என்று காட்டினால் அது இரண்டு கோடா, அல்லது ஒரு கோடும் ஓர் ஓவுமா என்று யார் சொல்வார்? F5 வழியாகத் தேடினாலும் கோடுகள் எல்லாம் வந்து நிற்கும். என் கருத்து, அந்தக் கலத்தை வெறுமையாக விட்டு, பக்கத்து நிரலில் "போகவில்லை" என்று எழுதுவது.

மார்ச் 8, இரவு 7.00. தம்பலகாமம் நெல்

எங்களிடம் வயல்கள் இருபதுதான். கோடுகளைக் கண்ணால் எண்ணிவிடுவேன். இன்னொரு நிரல் போட்டால் அதை நிரப்பவும் ஒருவர் வேண்டும். நான் கோட்டை விடப்போவதில்லை.

மார்ச் 9, காலை 6.05. பழைய பேரேடு

அது உங்கள் அமைப்பின் முடிவு. எண்ணிப் பார்ப்பவர் நீங்கள் இருக்கும்வரை சரிதான்.

உப்புவெளிப் பிள்ளைக்கு ஒரு விடயம் சொல்ல மறந்துவிட்டேன். சூரை மீனை மட்டும் பார்க்க வடிகட்டி போட்டுவிட்டு நிறுவை நிரலைத் தெரிவு செய்தால் நிலைப் பட்டை கண்ணுக்குத் தெரியும் நிரைகளை மட்டுமே எடுக்கும். அதே நிரலுக்குக் கீழே யாராவது SUM சூத்திரம் எழுதி வைத்திருந்தால் அது மறைந்த நிரைகளையும் சேர்த்துக் கூட்டும். இரண்டும் வேறுபட்டால் ஒன்று பிழை என்று நினைக்க வேண்டாம், முதலில் வடிகட்டி போட்டிருக்கிறதா என்று பாரும்.

நிலைப் பட்டையில் காணும் எண் கோப்பில் சேமிக்கப்படுவதில்லை, வேறோர் இடத்தில் அழுத்தியவுடன் போய்விடும். புதிய எக்செலில் அந்த எண்ணின் மேல் அழுத்தினால் நகலாகிவிடும், பழையதில் கையால்தான் எழுத வேண்டும். கணக்காய்வுக்குப் போகும் தாளில் மொத்தம் சூத்திரமாகவே இருக்க வேண்டும். ஆனால் அந்தச் சூத்திரமும் எழுத்தைக் கூட்டாது, அது Count, Numerical Count பார்த்துச் சொல்லவும் சொல்லாது. நான் வேலையில் இருந்த காலத்தில் தாளில் கையொப்பமிடுவதற்கு முன் நிரலை ஒரு தடவை தெரிவு செய்து கீழே பார்க்காமல் விட்டதில்லை.

மார்ச் 10, இரவு 9.20. கரையோரக் கணக்கு

இன்று காலை பாரையும் சாளையுமாகப் பன்னிரண்டு வள்ளங்கள். Count 12, Numerical Count 12, தசமம் ஓர் இடத்துக்கு. அச்சிட்ட தாளைக் கல்குலேட்டரால் கூட்டினேன், நிலைப் பட்டையோடு ஒத்துப்போனது. கடலுக்குப் போகாத நாட்களை வெறுமையாக விட்டு, பக்கத்து நிரலில் காரணத்தை எழுதத் தொடங்கியிருக்கிறேன்.

மார்ச் 3ஆம் தேதியின் ஒரு கிலோ மட்டும் முடியவில்லை. மீன் வாங்கும் வியாபாரி என் பழைய தாளைப் பார்த்து 531 கிலோவுக்குப் பணம் கொடுத்துவிட்டார். தராசின்படி 530. இரண்டாவது வள்ளக்காரர் அரைக் கிலோவின் பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சம்மதிக்கிறார். ஆறாவது வள்ளக்காரர், வியாபாரி தன் துண்டிலும் எப்போதும் முழுக் கிலோவாகத்தான் எழுதுகிறார், சில நாட்களில் அவர் கீழே இறக்கி எழுதியதை யார் கேட்டார் என்கிறார். வெள்ளிக்கிழமை வாடியில் கூட்டம் வைத்திருக்கிறோம். இரண்டு மாதத்துத் துண்டுகளையும் கட்டி எடுத்துக்கொண்டு போகிறேன்.